எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பானால்: ஒளி எந்த இடத்தில் நின்றது?

"வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. நேற்று மாலையிலிருந்து மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கிறது, நெட் சுத்தமாக இல்லை. பல தடவை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன், பின்னால் இருக்கும் ரீசெட் துளையிலும் குத்திப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரருக்கும் இதே கம்பெனி லைன்தான், அவருக்கு வருகிறது. கஸ்டமர் கேரில் இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். நானே ஏதாவது செய்ய முடியுமா, இல்லை மோடத்தையே மாற்ற வேண்டுமா?"

மோடத்தை இப்போது மாற்ற வேண்டாம். பெட்டிக்குள் செருகியிருக்கும் கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி, பெட்டி உணரும் அளவுக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் அந்தச் சிவப்பு விளக்கு சொல்கிறது. வைஃபை, கடவுச்சொல், மாதக் கட்டணம் ஆகிய எல்லாம் ஒளி வந்த பிறகு நடக்கும் காரியங்கள். கட்டணம் பாக்கி இருந்து இணைப்பை நிறுத்தியிருந்தால், பெரும்பாலும் எல்.ஓ.எஸ். அணைந்தே இருக்கும், பி.ஓ.என். என்ற பச்சை விளக்கு நிலையாக எரியும், இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாது அல்லது சிவப்பாகும். எல்.ஓ.எஸ். அணைந்து பி.ஓ.என். மட்டும் விடாமல் மின்னினால், ஒளி வந்துவிட்டது, ஆனால் நிலையத்திலுள்ள கருவி உங்கள் பெட்டியை இன்னும் பதிவுசெய்து ஏற்கவில்லை என்று பொருள். உங்களுடையது இந்த இரண்டும் அல்ல. ஆகவே பெட்டியின் அமைப்புகளை எத்தனை முறை அழித்தாலும் அந்த விளக்கு அணையாது.

கீழ்வீட்டில் இணைப்பு இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் மிகவும் பயனுள்ள தகவல். தெருவில் ஜேசிபி தோண்டியோ, மின்கம்பத்தில் மரக்கிளை வெட்டும்போதோ பெரிய கேபிள் அறுந்திருந்தால், தெரு முழுவதும் ஒரே நேரத்தில் சிவப்பாகியிருக்கும். இருவருக்கும் ஒரே கம்பத்திலிருந்து லைன் வருகிறது என்றால், அந்தக் கம்பத்துப் பெட்டி வரை ஒளி வருகிறது என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். மீதமிருப்பது அங்கே உங்களுக்கென ஒதுக்கிய ஒரு முனை, அதிலிருந்து மாடி வழியாக உங்கள் வீட்டுக்குள் இறங்கும் மெல்லிய டிராப் கேபிள், சுவரில் உள்ள சிறு டப்பா, அதிலிருந்து மோடத்துக்கு வரும் பேட்ச் கார்டு, கடைசியில் மோடம். பெரும்பாலான வீடுகளில் இது நூறு மீட்டருக்கும் குறைவான தூரம். பழுது இதற்குள்தான் இருக்கிறது.

எங்கே என்று தேடுவதற்கு முன், இந்த ஒளியின் அளவு பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் லைன்மேன் வந்ததும் அவர் பேசப்போவது இந்தக் கணக்கைத்தான். நிலையத்திலிருந்து ஒளி கிளம்பும்போது சுமார் 2 மில்லிவாட் இருக்கும். வரும் வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் அதை 32 வீடுகளுக்குப் பிரித்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவாகவே போய்ச் சேரும். நான்கைந்து கிலோமீட்டர் இழையில் நேரும் இழப்பு அதற்குப் பக்கத்தில் மிகவும் சிறியது. இந்த அளவை டி.பி.எம். என்ற அலகில் சொல்வார்கள். அது எதிர்மறை எண்ணாகவே வரும், பூஜ்யத்திலிருந்து விலக விலக ஒளி குறைகிறது என்று பொருள். ஒவ்வொரு 3 டெசிபல் இழப்பும் ஒளியைப் பாதியாக்கும், 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நல்ல நிலையில் உள்ள வீட்டில் –18 அல்லது –20 என்று காட்டும். –27ஐ ஒட்டி வரும்போது பெட்டி தடுமாறத் தொடங்கும், அதற்குக் கீழே போனால் எல்.ஓ.எஸ். சிவப்பாகும். அதாவது நன்றாக ஓடும் இணைப்புக்கும் செத்துப்போன இணைப்புக்கும் நடுவே எட்டு ஒன்பது டெசிபல் இடைவெளி இருக்கிறது. ஓர் இழை முழுதாக அறுந்தாலும் சரி, ஒரு மோசமான மடிப்பு அந்த இடைவெளியைத் தின்றுவிட்டாலும் சரி, விளக்கு ஒரே சிவப்பில்தான் எரியும்.

இரண்டில் எது என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். பெட்டியின் வைஃபை அல்லது லேன் வயர் வழியாக இணைந்துகொண்டு, உலாவியில் `192.168.1.1` அல்லது `192.168.100.1` என்று தட்டச்சு செய்யுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். நீங்கள் ரீசெட் செய்துவிட்டதால் அந்தப் பழைய கடவுச்சொல்லே பெரும்பாலும் வேலை செய்யும். உள்ளே நிலைமை காட்டும் பகுதியில் `RX Optical Power` என்ற வரியைத் தேடுங்கள். அங்கே எண் இல்லாமல் `--` என்றோ, –40 என்றோ இருந்தால் ஒளி சிறிதும் வரவில்லை: இழை அறுந்திருக்கிறது அல்லது முனை கழன்றிருக்கிறது. –28, –30 போன்ற எண் ஊசலாடிக்கொண்டிருந்தால் ஒளி வருகிறது, ஆனால் வழியில் எங்கோ நசுங்குகிறது, மடிகிறது அல்லது அழுக்கில் மங்குகிறது.

இப்போது வீட்டுக்குள் தேடுங்கள். மோடத்திலிருந்து தொடங்கி, இழையை விரலால் தொட்டுக்கொண்டே சுவர் டப்பா வரைக்கும், அங்கிருந்து அது சன்னல் வழியாக வெளியேறும் இடம் வரைக்கும் போங்கள். பீரோவோ கட்டிலோ நகர்த்தப்பட்டதா, கதவு இடுக்கில் இழை அகப்பட்டதா, எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டைத் துடைத்துப் பெருக்கிய மறுநாள் வரும் புகார்களில் கணிசமானவை பீரோவின் காலுக்கடியில்தான் முடிகின்றன. மிச்சமுள்ள இழையைச் சுருட்டிக் கேபிள் டையால் இறுக்கியிருந்தால் அதைத் தளர்த்துங்கள். பழைய வகை இழையை ஒரு காபி டம்ளரின் வாயைச் சுற்றி வளைப்பதைவிட இறுக்கமாக வளைக்கக் கூடாது. இப்போது வீடுகளுக்குள் போடும் இழை இதைவிட இறுக்கமான வளைவையும் தாங்கும், ஆனால் உங்கள் வீட்டில் எது போட்டிருக்கிறார்கள் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் டம்ளர் கணக்கே பாதுகாப்பானது.

அடுத்து முனையைப் பாருங்கள். மோடத்தின் அடியிலோ பின்புறத்திலோ செருகியிருக்கும் சிறு சதுரத் தலை பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அது பாதி மட்டும் உள்ளே போயிருந்தாலும் வெளியே பார்க்கச் செருகியதுபோலவே தெரியும். மோடத்தை அணைத்துவிட்டு, தலையின் உடலைப் பிடித்து (இழையைப் பிடித்து அல்ல) நேராக வெளியே இழுத்து, மறுபடி 'டிக்' என்ற சத்தம் வரும்வரை ஒருமுறை செருகுங்கள். அதன் நுனியில் வெள்ளைக் குச்சி போலத் தெரியும் பகுதியைத் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், சட்டை முனையால் துடைக்காதீர்கள். ஒளி போகும் பகுதி தலைமுடியைவிடவும் பல மடங்கு மெல்லியது. விரலின் எண்ணெய்ப்பசையோ மூச்சுக்காற்றின் ஈரமோ அதை மறைக்கப் போதும். கடையில் வேறு பேட்ச் கார்டு வாங்கி மாற்றும் எண்ணம் இருந்தால் நிறத்தைக் கவனியுங்கள். பச்சைத் தலையின் நுனி 8 பாகை சாய்த்துத் தீட்டப்பட்டது, நீலத் தலையின் நுனி சாய்வில்லாதது. இரண்டும் ஒரே துளையில் நுழையும், ஆனால் முகத்தோடு முகம் ஒட்டாது, ஒளியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒளி வருகிறதா என்று பார்க்கவே கூடாது. அதில் வருவது 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பார்ப்பதால் பயனும் இல்லை, இழையின் மறுமுனையில் என்ன இணைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் லேசரைக் கண்ணில் வாங்குவது நல்லதும் அல்ல. டிவி ரிமோட்டின் விளக்கு மொபைல் கேமராவில் தெரிவதால், இதையும் கேமராவில் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ரிமோட்டின் ஒளி 940 நானோமீட்டர் அளவில் இருப்பதால் கேமரா அதைப் பிடிக்கிறது, 1490ஐ மொபைல் கேமராவின் சிலிக்கான் உணரி பிடிக்காது. கேமராவில் இருட்டாகத் தெரிவதை வைத்து லைன் அறுந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

வீட்டுக்குள் எதுவும் தென்படாவிட்டால், கோளாறு வெளியே உள்ள டிராப் கேபிளில்தான் பெரும்பாலும் இருக்கும். அதை எப்படித் தேடுவார்கள் என்பதற்கு, என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கும் அவள் வீட்டில் மட்டும் சிவப்பு, பக்கத்து வீட்டில் இணைப்பு இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது பச்சைத் தலை சரியாகச் செருகியிருந்தது, `RX Optical Power` வரியில் எண்ணே இல்லை. மறுநாள் வந்த லைன்மேன் முதலில் மோடத்திலிருந்து முனையைக் கழற்றித் தன் பவர் மீட்டரில் செருகினார். மீட்டரிலும் ஒன்றும் வரவில்லை. ஆகவே மோடம் குற்றவாளி அல்ல. மீட்டரில் நல்ல எண் வந்து, பெட்டி மட்டும் சிவப்பாகவே இருந்திருந்தால்தான் மோடத்தை மாற்றியிருக்க வேண்டும். பிறகு கம்பத்தில் ஏறி, ஸ்ப்ளிட்டரில் தங்கை வீட்டு முனையைக் கழற்றி அங்கே அளந்தார்: –17.8. கம்பம் வரை ஒளி நன்றாகவே வருகிறது. ஆக, கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அறுபது மீட்டர் கேபிள்தான் மிச்சம்.

பிறகு வீட்டு முனையில் சிவப்பு லேசர் பேனாவைச் செருகிவிட்டு அவர் மாடிக்கு வந்தார். அந்தப் பேனாவின் ஒளி கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, இழை உடைந்த இடத்தில் அது பக்கவாட்டில் கசிந்து வெளியே தெரியும். கேபிளின் மேலுறை கறுப்பாக இருந்ததால் பகல் வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. கைப்பிடிச் சுவரையொட்டிக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர், துணி காயப்போடும் கொடி கட்டியிருந்த இரும்புக் குழாய் அருகே நின்றார். கொடியைக் குழாயோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியபோது, அருகில் போன கேபிளையும் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். கம்பி இறுகிய இடத்தில் உறை பிளந்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்துப் பார்த்தபோது அந்தப் பிளவுக்குள் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. கொடி கட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதன்பின் மதிய வேளைகளில் நெட் போய்ப் போய் வந்ததையும், மழைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டதையும் தங்கை அப்போதுதான் நினைவுகூர்ந்தாள். ஈரத் துணியின் எடையில் கம்பி இறுகும்போதெல்லாம் ஒளி குறைந்திருக்கிறது, கடைசியில் இழையே முறிந்துவிட்டது.

சுவரோரம் இரண்டு மீட்டர் கேபிள் உபரியாகச் சுருட்டி வைத்திருந்ததால், முறிந்த துண்டை வெட்டியெறிந்துவிட்டு அதை இழுத்து, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் இரு நுனிகளையும் உருக்கி ஒட்டினார். மீண்டும் மோடத்தின் முனையில் அளந்தபோது –18.6 வந்தது. கம்பத்திலிருந்து வீடு வரை 0.8 டெசிபல்தான் இழப்பு, அதுவும் பெரும்பாலும் முனைகளில். அறுபது மீட்டர் இழையில் போவது கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவு.

உங்கள் புகாரை இப்படிச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: எல்.ஓ.எஸ். சிவப்பு, `RX Optical Power` எண் காட்டவில்லை, அதே கம்பத்தில் பக்கத்து இணைப்பு வேலை செய்கிறது, வீட்டுக்குள் இழையும் முனையும் பார்த்தாகிவிட்டது. 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் ரவுட்டர் பார்க்கும் ஆளை அனுப்பிவிடுவார்கள். அவரிடம் மீட்டரும் இருக்காது, ஸ்ப்ளைசிங் இயந்திரமும் இருக்காது, உங்கள் இரண்டு நாள் நான்கு நாளாகும். புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் தீராமல் இழுத்தடித்தால், டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைப்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு அந்த எண் தேவைப்படும். கேபிள் உள்ளூர் ஆபரேட்டர் மூலம் வந்ததென்றால், நேரே அவருடைய லைன்மேனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கம்பத்தில் ஏறப்போவது அவர்தான்.

அவர் வந்து சரிசெய்யும்போது இரண்டு விஷயங்களை நேரில் நின்று கவனியுங்கள். முதலாவது, இணைப்பு எப்படிப் போடப்படுகிறது என்பது. உருக்கி ஒட்டிய ஜாயின்ட்டின் இழப்பு பெரும்பாலும் 0.1 டெசிபலுக்கும் குறைவு, ஒழுங்காக உறையிட்டு டப்பாவுக்குள் வைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். கையால் கிரிம்ப் செய்து மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டரும் அவசரத்துக்கு உதவும், வீட்டுக்குள் இருந்தால் நெடுநாள் ஓடவும் செய்யும். ஆனால் வெயிலும் மழையும் படும் மொட்டை மாடியில் அதை மாட்டி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். டேப்பின் பசை வெயிலில் இளகி, முதல் மழையில் நீர் உள்ளே இறங்கி, சில மாதங்களில் அதே சிவப்பு திரும்ப வருவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வெளியில் ஜாயின்ட் போட வேண்டியிருந்தால் ஸ்ப்ளைசிங் செய்து நீர் புகாத டப்பாவில் வைக்கும்படி கேளுங்கள்.

இரண்டாவது, வேலை முடிந்ததும் மீட்டரில் என்ன எண் வருகிறது என்பது. விளக்கு பச்சையானதும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்ப்பார், நீங்களும் நெட் வந்ததே போதும் என்று விட்டுவிடுவீர்கள். –15க்கும் –24க்கும் நடுவே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். –26 என்றால் இன்றைக்கு ஓடும், ஆனால் ஒன்றிரண்டு டெசிபல் இழந்தாலும் நின்றுவிடும், ஆகவே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கம்பத்தில் என்ன எண் வந்தது என்றும் கேளுங்கள். அங்கே –18, வீட்டில் –25 என்றால் நடுவே ஏழு டெசிபல் காணாமல் போகிறது, அவ்வளவு சிறிய தூரத்தில் அப்படிப் போகக் கூடாது. அங்கேயே –25 என்றால் பழுது உங்கள் கேபிளில் இல்லை, ஸ்ப்ளிட்டரிலோ அதற்கும் முன்னாலோ இருக்கிறது, அதைத் தனிப் புகாராகத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கிடைத்த எண்ணைத் தேதியோடு மோடத்தின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த முறை வேகம் குறைந்தாலோ நெட் விட்டுவிட்டு வந்தாலோ, `192.168.1.1` பக்கத்தில் தெரியும் எண்ணை இதோடு ஒப்பிட்டால், கோளாறு ஒளியிலா வேறு எங்காவதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் ரீசெட் துளையில் குத்தியதைப் பற்றி. வெறுமனே தட்டிவிட்டு எடுத்திருந்தால் பெட்டி அணைந்து எழுந்திருக்கும், அவ்வளவுதான். பத்து விநாடிக்கு மேல் அழுத்தியிருந்தால் பெட்டியில் நிறுவனம் பதிந்திருந்த இணைப்பின் பயனர்பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் முதலியவை அழிந்திருக்க வாய்ப்பு உண்டு. சில நிறுவனங்களின் பெட்டிகள், ஒளி வந்ததும் இவற்றை நிலையத்திலிருந்து தாமாகவே வாங்கிக்கொள்ளும். சிலவற்றில் ஆள் ஒருவர் மீண்டும் பதிய வேண்டும். எனவே லைன் சரியாகி எல்.ஓ.எஸ். அணைந்து, பி.ஓ.என். நிலையாக எரிந்தும் நெட் வராவிட்டால், வேலை சரியில்லை என்று லைன்மேனிடம் சண்டைக்குப் போகாமல், நீங்கள் ரீசெட் செய்ததைச் சொல்லிவிடுங்கள். அவர் அங்கிருந்தபடியே அலுவலகத்துக்குப் போன் செய்து உங்கள் விவரங்களை மறுபடி பெட்டியில் ஏற்றிவிடுவார். அவர் படியிறங்கிப் போய்விட்டால் அதற்கு இன்னொரு புகார், இன்னும் இரண்டு நாள்.